லீவ் லெட்டரில் நோயின் பெயர் வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய முதல் கடிதம் விடுப்புக் கடிதம்தான். 'கடுமையான காய்ச்சல் காரணமாக' என்று ஒரு வரி, எத்தனை நாள் என்று ஒரு வரி, கீழே அப்பாவின் கையெழுத்து. நோயின் பெயரைச் சொன்னால்தான் விடுப்பு கிடைக்கும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே மனதில் ஊறிவிடுகிறது. பிறகு என்றோ ஒருநாள் மனநல மருத்துவர் "மூன்று வாரமாவது வேலைக்குப் போகாமல் இருங்கள்" என்று சொல்கிறார். மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் காய்ச்சலுக்கான இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. உண்மையை எழுதினால் அலுவலகம் முழுக்கப் பரவுமோ என்று பயம். மறைத்தால் லீவு கிடைக்காதோ என்று பயம். இந்த இரண்டு பயத்தையும் சேர்த்துத் தீர்க்கிற கடிதத்தை எழுத முடியும். அதற்கு அந்தப் பள்ளிக்கூடக் கடிதத்தின் அமைப்பைக் கைவிட வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சென்னையில் வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வயது. வாரத்தில் ஆறு நாள் வேலை. சில மாதங்களாகத் தூக்கம் இல்லை, கணக்கில் பிழைகள் வருகின்றன, காலையில் எழுந்து கிளம்புவதே பெரும்பாடாகிறது. மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் கண்டறிந்து மருந்து தொடங்கியிருக்கிறார். ஜூன் 9, திங்கட்கிழமை முதல் மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார்.

அவருடைய முதல் வரைவு எப்படி இருக்கும் என்று எளிதாக ஊகிக்கலாம். இரவு பதினொரு மணிக்கு எழுதியது. எத்தனை மாதமாகத் தூங்கவில்லை, என்ன மாத்திரை, வீட்டில் என்ன பிரச்சினை, போன மாதம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியது எவ்வளவு வலித்தது, இத்தனை நாள் நடிப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என எல்லாம் அதில் இருக்கும். அத்தனையும் உண்மை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விடுப்பு என்ற விவரம் மட்டும் கடைசிப் பத்தியில் எங்கோ ஒளிந்திருக்கும். சோர்வில் இருப்பவர் கடிதத்தில் கேட்பது விடுப்பை அல்ல, தன்னை நம்பும்படி கேட்கிறார். மேலாளர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? பதறிப்போய் எச்.ஆருக்கும் தன் மேலதிகாரிக்கும் அப்படியே அனுப்பிவைப்பார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. என்ன செய்வதென்று தெரியாத மனிதர் அப்படித்தான் செய்வார்.

மறுநாள் காலை அதை அழித்துவிட்டு இரண்டாவது வரைவு. 'சொந்தக் காரணங்களுக்காக மூன்று வாரம் விடுப்பு வேண்டுகிறேன்.' பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் என் கணிப்பில் முதல் வரைவைவிட இதுதான் அதிகச் சேதம் செய்வது. சொந்தக் காரணம் என்றால் அலுவலகக் கணக்கில் அது திருமணம், வீடு மாறுதல், ஊர்த் திருவிழா ஆகியவற்றோடு சேர்ந்துவிடும். அதை மேலாளர் மறுக்கலாம், தள்ளிப்போடச் சொல்லலாம், 'ஒரு வாரம் போதாதா' என்று பேரம் பேசலாம். பேரம் பேசுவதில் தவறும் இல்லை, ஏனென்றால் அந்தக் கடிதம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கிடைத்தாலும் சம்பளமில்லா விடுப்பாகப் போகக்கூடும்.

சட்டமும் இந்த இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்குமான 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய்க்கான சம்பள விடுப்பைத் தனியாகச் சொல்கிறது. வேறு நியாயமான காரணங்களுக்கு 12 நாள், ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஈட்டிய விடுப்பாக 12 நாள் என்பவை அதற்கு வெளியே. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கும் தொழிலாளி என்றால் மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். தீவிர மனநோய் அங்கே நீண்டகால உதவி பெறும் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. இவை எதற்கும் திறவுகோல் 'மருத்துவம்' என்ற ஒரே சொல். அதை எழுதாமல் விட்டவருக்கு இந்தக் கதவுகள் திறப்பதில்லை.

ஆக, நோய் என்பதைச் சொல்ல வேண்டும். எந்த நோய் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் கடிதம் தானாக அமையும். மேலாளர் முடிவெடுக்கத் தேவையானவை நான்கு: இது மருத்துவர் சொன்னதா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, அதுவரை வேலை யார் கையில், அடுத்த தகவல் எப்போது வரும். நோயின் பெயர் தெரிந்தால் இந்த நான்கில் எந்தக் கேள்விக்கும் கூடுதல் விடை கிடைக்காது.

நம் உதாரணப் பெண்ணின் மூன்றாவது வரைவு இப்படி அமையலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா, நான் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன். ஜூன் 9 முதல் 28 வரை பணிக்குச் செல்லாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார். இதில் வரும் 18 வேலை நாட்களில் 10 நாளை மருத்துவ விடுப்பாகவும் 8 நாளை ஈட்டிய விடுப்பாகவும் அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றை எச்.ஆர். பிரிவில் நேரில் ஒப்படைக்கிறேன். ஜூன் 24 அன்று மருத்துவர் மறுபடி பார்க்கிறார். 30-ஆம் தேதி பணிக்குத் திரும்ப இயலுமா என்பதை அன்று மாலைக்குள் தெரிவிக்கிறேன். ஜூன் 11-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்-3பி ஆகியவற்றுக்கான மே மாதப் பதிவுகளை 7-ஆம் தேதிக்குள் முடித்து, தாங்கள் குறிப்பிடும் ஊழியரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். விடுப்பு நாட்களில் தொலைபேசியில் பேச இயலாது. கோப்பு தொடர்பான சந்தேகம் மட்டும் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பக் கோருகிறேன்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. மறைத்தது ஒன்றே ஒன்று. சில இடங்களை மட்டும் உற்றுப் பாருங்கள். '30-ஆம் தேதி வந்துவிடுவேன்' என்று அவர் உறுதி கொடுக்கவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளின் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். முதல் சில நாளில் குமட்டலும் தூக்கக் கோளாறும் வந்து, நிலைமை மோசமானது போலவே தோன்றலாம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மாற்ற நேர்ந்தால் அந்த வாரங்களை மறுபடி எண்ண வேண்டும். திரும்பும் தேதியை அடித்துச் சொல்லிவிட்டு அதை நீட்டிக்கக் கேட்கும்போதுதான் மேலாளருக்குச் சந்தேகம் வருகிறது. மறுபரிசோதனைத் தேதியைச் சொல்லிவிட்டால் நீட்டிப்பும் மருத்துவர் சொன்னதாகவே போய்ச் சேரும். அந்த 24-ஆம் தேதி மாலை தகவல் கொடுப்பதை மட்டும் தவறவிடக் கூடாது. அதுதான் இந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே வாக்குறுதி.

வேலை ஒப்படைப்பு வரியை மரியாதைக்காக எழுதியது என்று நினைக்க வேண்டாம். லீவில் இருப்பவருக்கு அலுவலகத்திலிருந்து போன் வருவது பெரும்பாலும் அன்பினால் அல்ல, ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டதால். ஜி.எஸ்.டி. தளத்துக்கான ஓ.டி.பி. அவருடைய கைபேசிக்கு வருவதாக இருந்தால் 11-ஆம் தேதி நிச்சயம் போன் வரும். பேச்சு அதோடு நிற்காது, 'என்ன ஆச்சு, எப்படி இருக்கீங்க' என்று நீளும். விடுப்புக்கு முன்பே அந்த எண்ணை மாற்றிவைத்துவிட்டால் அவருடைய தனிமை அந்த அளவுக்குக் காப்பாற்றப்படுகிறது.

காய்ச்சல், முதுகுவலி, டைபாய்டு என்று வேறு நோயைச் சொல்லலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஒருநாள் லீவுக்கு வேண்டுமானால் அது கடந்துபோகும். மூன்று வாரத்துக்குச் சொன்ன பொய்யைத் தினமும் பராமரிக்க வேண்டும். சான்றில் ஒன்று, கடிதத்தில் ஒன்று என்று இருந்தால் விடுப்பே கேள்விக்குள்ளாகும். அப்போது விசாரணை பொய் சொன்னதைப் பற்றியதாக மாறிவிடும், நோய் பின்னால் போய்விடும். சொல்லாமல் விடுவதற்கு நினைவாற்றல் தேவையில்லை. தூங்காமல் சோர்ந்திருப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

கடிதத்தை இவ்வளவு கவனமாக எழுதியும் ரகசியம் வெளியே போகிற வழி ஒன்று உண்டு. அது மருத்துவச் சான்று. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் விடுப்புச் சான்றுக்கென்று ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. இன்னார் இந்த நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார், உடல்நலம் திரும்ப இத்தனை நாள் பணியிலிருந்து விலகியிருப்பது அவசியம் என்ற வாசகம் அதில் உண்டு. நோயின் பெயருக்குக் கோடிட்ட இடம் ஒன்று இருக்கும். அங்கே என்ன எழுதுவது என்பதை மருத்துவரிடம் வாயைத் திறந்து பேசலாம், பேச வேண்டும். 'என் சிகிச்சையில் இருக்கிறார், பணிக்குச் செல்லும் நிலையில் இல்லை' என்ற அளவில் எழுதித் தர மருத்துவர்கள் பலரும் ஒப்புக்கொள்வார்கள். இல்லாத நோயை எழுதித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். அது மருத்துவரின் பதிவுக்கே ஆபத்து.

அடுத்த சிக்கல் சான்றின் தலைப்பில் இருக்கிறது. உள்ளே நோயின் பெயர் இல்லாவிட்டாலும் மேலே 'மனநல மருத்துவர்' என்றோ 'மனநல மருத்துவமனை' என்றோ பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பல துறைகள் உள்ள மருத்துவமனை என்றால் பொதுத் தலைப்புள்ள தாளில் கேட்கலாம். குடும்ப மருத்துவர் சிகிச்சை விவரம் தெரிந்தவராக, தானும் உங்களைப் பரிசோதித்தவராக இருந்தால் அவரே சான்று தரலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்தச் சான்று யார் கண்ணில் படுகிறது என்பதைத்தான் கட்டுப்படுத்த முடியும். அதனால்தான் மூன்றாவது வரைவில் சான்றை மின்னஞ்சலோடு இணைக்காமல் எச்.ஆரிடம் நேரில் கொடுப்பதாக எழுதியிருக்கிறது. மின்னஞ்சல் இணைப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். உறையில் போட்டு ஒருவர் கையில் கொடுத்த தாள் பெரும்பாலும் கோப்பிலேயே தங்கும். பெரிய நிறுவனங்களில் லீவு மென்பொருளில் காரணம் எழுதும் கட்டத்தை அனுமதிச் சங்கிலியில் இருக்கும் எல்லோரும் பார்க்கலாம் என்பதால், அங்கே 'மருத்துவ விடுப்பு' என்ற இரண்டு சொல் போதும்.

இங்கே சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் கடமையை விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அந்தக் கடமை மருத்துவர்களுக்கும் சிகிச்சை தரும் மற்றவர்களுக்கும்தான். உங்கள் மேலாளர் மருத்துவமனையைக் கூப்பிட்டு விசாரித்தால் அவர்கள் சொல்லக் கூடாது. நீங்களே மேலாளரிடம் சொன்னதை அவர் மதிய உணவு மேசையில் சொன்னால் இந்தப் பிரிவு துணைக்கு வராது. இன்று சொல்லாததை அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. தயங்கும்போது குறைவாகச் சொல்வதன் பக்கம் நான் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கடிதம் போன பிறகு போன் வரும். நம் ஊர் அலுவலகங்களில் அதைத் தவிர்க்க முடியாது. "என்னம்மா ஆச்சு? ஏதாவது சீரியஸா?" என்று மேலாளர் கேட்பார். அவர் அக்கறையோடுதான் கேட்கிறார். வெட்டிவிடாமல், திறந்தும் காட்டாமல் பேச ஒரு பதிலை முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். "கேட்டதுக்கு ரொம்ப நன்றி சார். டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க, மருந்து ஆரம்பிச்சாச்சு. அதைப் பத்தி விவரமாப் பேசற நிலைமையில இப்ப நான் இல்ல சார். 24-ஆம் தேதி செக்கப் முடிஞ்சதும் நானே சொல்றேன்." மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்ல வேண்டும், கூடுதலாக ஒரு விவரமும் சேர்க்காமல். ஒவ்வொரு முறையும் ஒரு துணுக்கு சேர்ந்தால் மூன்றாவது போனில் முழுக்கதையும் போய்விட்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே பதில் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் எழுதும்போது பலரும் மறந்துவிடுவது இதைத்தான். சக ஊழியர்கள் இரண்டு பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்பார்கள். அம்மா கதவைத் திறந்து, மனம் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், அல்லது பதற்றத்தில் மஞ்சள்காமாலை என்பார். பெண் ஊழியர் மூன்று வாரம் லீவு என்றால் அலுவலகத்தில் முதல் ஊகம் கர்ப்பம் பற்றித்தான் இருக்கும். அந்த ஊகத்தைத் திருத்தப் போனால் உண்மை வெளியே வரும், எனவே திருத்தப் போகவேண்டாம். "டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்காங்கப்பா, தூங்கறா" என்று அம்மா சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினால் போதும்.

வெளிப்படையாகச் சொல்வதே நல்லது என்று வாதிடுபவர்கள் 2017-இல் உலகம் முழுக்கப் பரவிய ஒரு மின்னஞ்சலைக் காட்டுவதுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒலார்க் என்ற மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய மேடலின் பார்க்கர், தன் மனநலத்தைக் கவனிக்க இரண்டு நாள் விடுப்பு எடுப்பதாகக் குழுவுக்கே எழுதினார். நிறுவனத்தின் தலைவர் பென் காங்கிள்டன் அதற்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அருமையான பதில் அது. அந்தப் பதில் அவ்வளவு பேரால் பகிரப்பட்டதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம். உங்கள் மேலாளர் அதற்கு முன் வேறொருவரின் மனநலப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார், அதைப் பற்றி உங்களிடமே எப்படிப் பேசினார் என்பது தெரிந்தால் அதை வைத்து முடிவெடுங்கள். நம்பத்தக்கவர் என்று தெரிந்தால் நேரில் சொல்லுங்கள். எழுத்தில் அப்போதும் 'மருத்துவ விடுப்பு' என்றே இருக்கட்டும். அவர் மாற்றலாகிப் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.

குறைவாகச் சொல்வது ஆபத்தாகிற ஒரு சூழ்நிலை உண்டு. நம் உதாரணப் பெண்ணுக்கு ஏற்கெனவே தாமத வருகைக்கும் கணக்குப் பிழைகளுக்கும் மெமோ வந்திருந்தால் கணக்கு மாறுகிறது. ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், அவர் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. அந்த நடவடிக்கைக்கு மனநலக் குறைபாடு ஒரே காரணமாக இருக்கவேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகக் கொள்ளும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீண்டகாலமாக அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நோய்க்கே அது பொருந்தும், சில வாரச் சோர்வுக்கு அல்ல. ஆனாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றிருக்கிறது. மெமோ வந்துவிட்டால், நடவடிக்கை முற்றுவதற்கு முன்பே உடல்நிலைக்கும் வேலைக் குறைகளுக்கும் உள்ள தொடர்பு எழுத்தில் பதிவாக வேண்டும். 'கடந்த இரண்டு மாதமாக என் வருகையிலும் பணியிலும் நேர்ந்த குறைகள், இப்போது சிகிச்சை பெற்றுவரும் உடல்நிலையோடு தொடர்புடையவை என்று மருத்துவர் கருதுகிறார்' என்ற ஒரு வாக்கியத்தைக் கடிதத்தில் சேர்த்தால் போதும். இதிலும் நோயின் பெயர் வரவில்லை. மருத்துவர் உண்மையிலேயே அப்படிக் கருதினால் மட்டும் எழுத வேண்டும், அதை அவர் தன் குறிப்பிலும் பதிந்துவைக்க வேண்டும்.

சிலருக்கு இந்தக் கடிதத்தை எழுதும் நிலையே இருக்காது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிற நாளில் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அலுவலகத்துக்குக் குடும்பத்தார் ஒருவர் 'அவர் மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார், பணிக்கு வர இயலாது, சான்று பின்னர் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு மட்டும் அனுப்பினால் அப்போதைக்குப் போதும். குழுவில் போட வேண்டாம்.

திரும்பி வரும்போது இன்னொரு தாள் கேட்பார்கள், பணிக்குத் தகுதி என்ற சான்று. விடுப்புச் சான்றில் காட்டிய கவனம் இதிலும் வேண்டும். 'பணியில் சேரத் தகுதியுடன் இருக்கிறார்' என்பதோடு நிற்கும்படி 24-ஆம் தேதியே மருத்துவரிடம் சொல்லிவைக்கலாம். மருந்தின் விளைவால் காலையில் தலை கனத்து மந்தமாக இருந்தால், அதற்கும் நோயை விளக்க வேண்டியதில்லை. 'மருந்தின் காரணமாக முதல் நான்கு வாரம் காலை 9 மணிக்குப் பதில் 10.30-க்கு வந்து, மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்ய அனுமதி வேண்டும்' என்று கேட்கலாம். என்ன செய்ய முடியவில்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம், எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தாக்கல் தேதிகள் வரும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வழக்கமான நேரத்துக்கே வர முடியும் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். கணக்குப் பிரிவு மேலாளர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.